மேற்கில் உதித்த சூரியன்

மேசைமேல் இரண்டு கருவிகள். ஒன்று என் கணினி, மற்றொன்று எங்கள் அலுவலகத்தில் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் பெண்ணின் பழைய அலைபேசி. இரண்டிலும் ஒரே விளையாட்டை ஒரே நொடியில் தொடங்கினோம். ஆறு நிமிடம் கழித்துப் பார்த்தால் என் திரையில் மாலை மயங்கத் தொடங்கியிருந்தது. அவள் திரையில் சேவல் கூவ இன்னும் நேரம் இருந்தது.

"அண்ணா, உங்கள் ஊரில் அதற்குள் பொழுது சாயப் போகிறதா? எங்கள் ஊரில் இன்னும் விடியவே இல்லை" என்றாள்.

யூனிட்டியில் செய்த கிராமத்து விளையாட்டு அது. வயல், ஆடு, சந்தை என்று எல்லாமே பொழுதைப் பொறுத்து நடப்பவை. ஒரு நாள் 20 நிமிடத்தில் முடிய வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. மைன்கிராஃப்டில் ஒரு நாள் 20 நிமிடம் என்பதால் வந்த எண்தான், வேறு காரணம் இல்லை. பகல் இரவுக் கடிகாரத்தை எழுதியவன் நான்.

```csharp
void Update() {
    hour += 24f / 72000f;
    if (hour >= 24f) hour = 0f;
}
```

என் மடிக்கணினியின் திரை நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும். 20 நிமிடம் என்பது 1,200 நொடி, அதாவது 72,000 ஃபிரேம். கணக்கு சரி. கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு, முடிந்தது என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். பிறகு அலுவலகத்தில் எனக்கு நொடிக்கு 144 ஃபிரேம் காட்டும் திரை தந்தார்கள். Update() ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை ஓடுவது. ஆகவே புதுத் திரையில் என் 72,000 ஃபிரேம் 8 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிட்டது. அலைபேசியிலோ, நாம் தனியாகச் சொல்லாவிட்டால் யூனிட்டி நொடிக்கு 30 ஃபிரேமில்தான் ஓட்டும். அங்கே ஒரு நாள் 40 நிமிடம். நான் எழுதியது கடிகாரமே அல்ல, ஃபிரேம்களை எண்ணும் கருவி. அது என் மடிக்கணினியில் மட்டும் கடிகாரம்போல நடந்துகொண்டது.

மருந்து எளியது, முதல் பாடத்திலேயே சொல்லித் தருவது. Time.deltaTime என்பது சென்ற ஃபிரேமுக்குப் பிறகு எத்தனை நொடி கழிந்தது என்று சொல்லும். அதைக் கொண்டு பெருக்கினால், வேகமான கருவி சிறு சிறு அடியாகப் பல அடி வைக்கும், மெதுவான கருவி பெரிய அடியாகச் சில அடி வைக்கும், இரண்டும் ஒரே தூரம் போகும். எங்கள் விளையாட்டில் ஒரு நொடிக்கு 0.02 மணி. எழுதினேன், இரண்டு கருவியிலும் பொழுது ஒன்றாகவே சாய்ந்தது.

மறுநாள் அவள் வேறொன்றைக் கொண்டுவந்தாள். "நள்ளிரவில் ஒரு பகல் வந்துவிட்டுப் போகிறது."

நான் நம்பவில்லை. என் திரையில் நள்ளிரவில் ஏதோ பளிச்சிடுவதைப் பார்த்திருந்தேன்தான், மழைக்காட்சிக்காக நாங்கள் வைத்திருந்த மின்னல் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவளுடைய அலைபேசியில் பார்த்தபோதுதான் விளங்கியது. மணி 12 ஆன உடனே சூரியன் மேற்கில் உதித்து, உச்சிக்கு ஏறி, கிழக்கில் மறைந்தது. முக்கால் நொடிதான். ஆனால் கண்ணால் பின்தொடர முடிந்தது.

காரணம் இந்த வரி:

```csharp
angle = Mathf.Lerp(angle, hour * 15f, 0.05f);
```

மணிக்கு 15 பாகை, 24 மணிக்கு 360. தொடக்கத்தில் பொழுதைப் பத்துப் பத்து நிமிடமாக நகர்த்தி வந்தோம். நிழல்கள் வெட்டி வெட்டி நகர்ந்ததால், கோணத்தை மெல்ல இழுத்துச் செல்ல இந்த வரியைச் சேர்த்தேன். பொழுது சீராக ஓடத் தொடங்கியபின் இதற்கு வேலை இல்லை, எடுக்க மறந்துவிட்டேன். நள்ளிரவில் மணி 24-லிருந்து 0-க்குத் திரும்பும்போது, சேர வேண்டிய கோணமும் 360-லிருந்து 0-க்கு விழுகிறது. வட்டத்தில் இரண்டும் ஒரே இடம் என்பது நமக்குத் தெரியும். Lerp-க்குத் தெரியாது. அதற்கு அவை வெறும் எண்கள், ஆகவே 360-லிருந்து இறங்கி 270, 180, 90 என்று வானம் முழுவதையும் பின்னோக்கிக் கடந்து வருகிறது.

எனக்கு மின்னலாகவும் அவளுக்குப் பகலாகவும் தெரிந்ததற்கும் விடை அந்த வரியிலேயே இருக்கிறது. கடைசியில் உள்ள 0.05 என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் மீதித் தூரத்தில் நூற்றுக்கு ஐந்து. இதுவும் ஃபிரேமை எண்ணும் வேலைதான். சூரியன் அடிவானத்துக்கு மேலே இருந்தது ஏறத்தாழ 21 ஃபிரேம். 144 ஃபிரேம் காட்டும் திரையில் அது நொடியில் ஏழில் ஒரு பங்கு, 30 காட்டும் அலைபேசியில் 0.7 நொடி. முந்தைய நாள் ஒரு வரியில் திருத்திய அதே பிழை இன்னொரு வரியில் ஒளிந்துகொண்டிருந்தது. நல்ல கருவியை வைத்திருப்பவன் கண்ணுக்குத்தான் அது படவில்லை.

அந்த வரியை நீக்கினேன். இழுத்துச் செல்வது உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் Mathf.LerpAngle இருக்கிறது, அது வட்டத்தில் குறுக்கு வழியாகப் போகும். நீக்கியபின்னும் நள்ளிரவில் வானம் லேசாகத் துடித்தது. வான நிறப் பட்டையின் இடது முனையில் கருநீலமும் வலது முனையில் கறுப்பும் வைத்திருந்தார்கள். இரு முனைக்கும் ஒரே நிறம் கொடுத்ததும் அடங்கியது.

கெட்டது அடுத்து வந்தது. இரவு 10 மணிக்குக் கட்டிலில் படுத்தால் எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும். 22-உம் 8-உம் 30. என் பழைய நிபந்தனை 24-ஐத் தாண்டியதைப் பார்த்து 0 என்று வைத்துவிட்டது. காலை 6 மணிக்கு எழ வேண்டியவர் நள்ளிரவில் எழுந்து நின்றார். தாண்டிய அந்த 6 எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சாதாரண ஓட்டத்தில் ஒவ்வொரு நள்ளிரவிலும் ஒரு துணுக்கு இப்படித் தொலைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, சின்னதாக இருந்ததால் தெரியவில்லை. தெருவிளக்கோ ஒருநாளும் எரியவில்லை. மணி 18-க்கு மேலாகவும் 6-க்குக் கீழாகவும் இருந்தால் எரி என்று எழுதியிருந்தேன். அப்படி ஒரு மணி உலகில் கிடையாது.

கடைசியில் மணியைக் கூட்டுவதையே விட்டுவிட்டேன். விளையாட்டு தொடங்கியதிலிருந்து மொத்தம் எத்தனை மணி என்ற ஒரே எண். அது திரும்புவதே இல்லை, ஏறிக்கொண்டே போகும். மற்றதெல்லாம் அதிலிருந்து வகுத்து எடுப்பது.

```csharp
totalHours += Time.deltaTime * 0.02;
double hour = totalHours % 24.0;
int day = (int)(totalHours / 24.0) + 1;
```

totalHours-ஐ double ஆக வைத்தேன். நாள் ஏற ஏற float-இல் துல்லியம் குறையும். தூக்கத்துக்கு totalHours-இல் 8 கூட்டினால் போதும், நாளும் தானாக மாறிக்கொள்ளும். சேமிக்க வேண்டியதும் அந்த ஓர் எண்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அவள் அலைபேசி சில நிமிடம் பின்தங்கியது. சந்தைக்குள் நுழையும்போது அதில் இரண்டு நொடி திரை உறைந்துவிடும். யூனிட்டியோ ஒரு ஃபிரேமுக்கு மூன்றில் ஒரு நொடிக்கு மேல் deltaTime தராது, இயல்பான வரம்பு 0.3333. மீதி ஒன்றரை நொடிக்கு மேற்பட்டது கணக்கில் வராமல் போகிறது, விளையாட்டில் அது இரண்டு நிமிடம். வரம்பைத் தளர்த்தலாம். ஆனால் உறைந்து மீண்ட ஃபிரேமில் ஆடு சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஒருவர் மட்டும் ஆடும்போது அந்த இரண்டு நிமிடத்தால் யாருக்கும் நட்டமில்லை என்று விட்டுவிட்டோம். இருவர் சேர்ந்து ஆடும்போது மட்டும், ஆட்டத்தைத் தொடங்கியவரின் totalHours மற்றவருக்குப் போகும், அவர் கடிகாரம் அதைப் பின்பற்றும்.

இப்போது எந்தத் திருத்தம் கொடுத்தாலும் அவள் முதலில் செய்வது Application.targetFrameRate-ஐ 15 ஆக்கி, பொழுதை 23.9-இல் வைத்து ஓடவிடுவதுதான். என் புதுத் திரையில் சோதித்துவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறாள்.