கொட்டேஷனோடு போகும் அந்த மின்னஞ்சல்

கோவையில் மின் பேனல் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் கொட்டேஷன் தயாரிப்பது என் வேலை. விலை போடுவதற்கு நாள் கணக்கில் உட்காருகிறோம். அதை அனுப்பும்போது மட்டும் "கொட்டேஷன் இணைத்துள்ளோம், பார்த்துவிட்டுச் சொல்லவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர். எனக்கு அது சரியாகப் படவில்லை. வாடிக்கையாளர் கம்பெனியின் பர்ச்சேஸ்காரர் அந்த மெயிலை அப்படியே தன் முதலாளிக்குத் தள்ளிவிடுவார். முதலாளி அதை போனில்தான் பார்ப்பார். நாலு பக்க பி.டி.எஃப்.ஐத் திறந்தால் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். கடைசிப் பக்கத்து நிபந்தனைகளை அவர் படிக்கப்போவதில்லை. பிறகு வரும் தகராறு எல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்துதான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு 630 ஆம்பியர் மெயின் பேனல் கேட்டார்கள். விலை 7,40,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 8,73,200. அதோடு போன மெயிலில் வேலையின் எல்லையை இப்படி எழுதினேன்:

"இந்த விலையில் பேனல் தயாரிப்பு, எங்கள் பட்டறையில் சோதனை, உங்கள் ஃபாக்டரி வாசல் வரை லாரி வாடகை, ஒரு நாள் வந்து இயக்கிக் காட்டுவது ஆகியவை அடங்கும். இறக்குவதற்கான கிரேன், கேபிள், கேபிள் இழுத்து இணைக்கும் வேலை, எர்த் குழி, மின் ஆய்வுத் துறை அனுமதி ஆகியவை இதில் இல்லை."

இரண்டாவது வாக்கியத்தைத்தான் பலர் எழுதத் தயங்குகிறார்கள். 'இல்லை' என்று சொன்னால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்ற பயம். ஆனால் பேனல் வந்து லாரியில் நிற்கும்போது கிரேனுக்கு யார் பணம் தருவது என்று வாசலில் பேசுவது இரண்டு பேருக்குமே கஷ்டம். இன்னொன்றும் உண்டு. போட்டியாளர் நம்மைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தால், அவர் எதை விட்டுவிட்டார் என்று வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்க்க இந்த வரிதான் உதவும்.

அடுத்தது விலை எதுவரை செல்லும் என்பது. பேனலுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பஸ்பார் எல்லாம் செம்பிலோ அலுமினியத்திலோ இருக்கும். இவர்கள் கேட்டது செம்பு. லண்டன் உலோகச் சந்தையில் செம்பு விலை ஏறினால் சில நாளில் எங்கள் சப்ளையர் விலையும் ஏறிவிடும். எல்லோரும் வழக்கமாகப் போடும் 30 நாள் இங்கே தாங்காது, 15 நாள்தான் தருகிறோம். அதையும் "15 நாட்கள்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். கொட்டேஷனில் போட்ட தேதியா, மெயில் போன தேதியா, திருத்தி அனுப்பிய தேதியா? அதனால் "இந்த விலை மார்ச் 20 மாலை 5 மணி வரை செல்லும். அதற்குப் பிறகு அன்றைய செம்பு விலைப்படி திருத்தித் தருவோம்" என்று தேதியையே போட்டேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: முன்மொழிவில் கெடு குறித்திருந்தால், அது கடந்ததும் முன்மொழிவு தானாக விலகிவிடும். கெடு இல்லாவிட்டால் 'நியாயமான காலம்' எவ்வளவு என்று வாதாட வேண்டியதுதான்.

இது அவர்களுக்குப் போன இரண்டாவது கொட்டேஷன். "முந்தைய கொட்டேஷனுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளவும்" என்ற வரியையும் சேர்த்தேன். இல்லாவிட்டால் பழைய விலையும் புதிய வேலை எல்லையும் சேர்ந்து ஒரு ஆர்டர் வந்து நிற்கும்.

முடிவில் "உங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறோம்" என்று எழுதுவது மரியாதைதான், ஆனால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒன்றுமில்லை. நான் எழுதியது: "விலை சம்மதமானால் ஆர்டரும் 30 சதவீத அட்வான்ஸும் அனுப்பவும். அவை கிடைத்த 3 வேலை நாட்களில் பேனலின் டிராயிங் அனுப்புவோம். அதை நீங்கள் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 4 வாரத்தில் பேனல் வந்து சேரும்." டெலிவரி நாள் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கிறது என்பது இதில் முக்கியம். ஆர்டர் கொடுத்த அன்றே நாலு வாரம் தொடங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, டிராயிங்கை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தால், தாமதம் நம் தலையில் விழும். அவ்வளவு பெரிய பேனலுக்கு அறையின் உயரமும் கதவின் அகலமும் தெரிய வேண்டும் என்பதால் அந்த இரண்டு அளவையும் கேட்டிருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. முதலாளியே எழுதியிருந்தார்: கிரேன் அவர்களிடமே இருக்கிறது, எர்த் குழி ஏற்கெனவே போட்டாயிற்று, கேபிளை மட்டும் நாங்களே தர முடியுமா? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பேனல் அறை வரை தூரத்தை அளக்க ஆள் அனுப்பினோம். கேபிள் விலையைப் பேனல் விலையோடு கலக்காமல், தனி எண்ணும் தனிக் கெடுவும் போட்ட இன்னொரு கொட்டேஷனாகக் கொடுத்தோம்.