கான்ட்ராக்ட் கணக்கில் நான் மார்க்கை விட்ட இடங்கள்

சி.ஏ. இண்டர் முதல் தடவை எழுதியபோது, கட்டுமான ஒப்பந்தங்களுக்கான கணக்குத் தரமான ஏ.எஸ். 7 கணக்கில் பாதி மார்க் போய்விட்டது. பார்முலா நன்றாகவே தெரியும். பில் தொகையைக் கண்டதும் கை தானாக அதை வருமானம் என்று எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

அதே மாதிரியான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒப்பந்தத் தொகை 1,000 லட்சம். முதல் வருடச் செலவு 240 லட்சம், வேலையை முடிக்க இன்னும் 560 லட்சம் ஆகும். மொத்தச் செலவு 800, அதில் 240 என்பது 30%. எனவே வருமானம் 300, லாபம் 60. இதுவரை பில்லை எங்கும் தொடவில்லை, கவனியுங்கள். கான்ட்ராக்டர் போட்ட பில் 350 லட்சம். 240-ஐயும் 60-ஐயும் கூட்டி 350-ஐக் கழித்தால் 50 லட்சம் இடிக்கும். அது வாடிக்கையாளருக்குத் தர வேண்டியது என்று பொறுப்புப் பக்கம் போகும்.

'வந்த பணம் 315, ரிடென்ஷன் 35' என்ற வரி தூண்டில். நான் 315-ஐக் கழித்து 15 என்று எழுதினேன். கழிக்க வேண்டியது போட்ட பில்லை. பணம் வந்ததா, பிடித்து வைத்தார்களா என்பது வேறு கணக்கு.

பில் எப்படி வேலையை முந்தும் என்பது ஆர்ட்டிகிள்ஷிப்பில்தான் புரிந்தது. டெண்டரிலேயே அஸ்திவார வேலைக்கு ரேட்டை ஏற்றி, கடைசியில் வரும் பூச்சு, பெயின்டிங்குக்கு இறக்கி வைத்திருப்பார்கள். முதல் பில்கள் கொழுத்துத்தான் வரும்.

இரண்டாம் வருட முடிவில் மொத்தமாக ஆன செலவு 630, மீதி வேலைக்கு 270. மதிப்பீடு 900 ஆகிவிட்டது. 70% முடிந்தது, இதுவரை லாபம் 70. முதல் வருடம் 60 எடுத்தாயிற்று, இந்த வருடம் 10 மட்டும்தான். கூடிய 40 சதவீதத்துக்கு 40 லட்சம் லாபம் என்று எழுதுபவர்கள் நிறைய. பழைய 30 சதவீதத்தின் லாபமும் புது மதிப்பீட்டில் குறைந்துவிட்டதை மறந்துவிடுகிறார்கள். மொத்த பில் 620 என்றால், 630-ஐயும் 70-ஐயும் கூட்டிக் கழிக்க 80 லட்சம் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டியது. இப்போது சொத்து.

இந்தச் சொத்தை ஆடிட்டில் சும்மா விட மாட்டார்கள். மதிப்பீட்டை 800 என்றே வைத்திருந்தால் வேலை 78.75% முடிந்ததாகக் காட்டும், 80 லட்சம் 167.5 லட்சமாக ஊதிவிடும். அதனால் பில் போடாத தொகை வருடா வருடம் ஏறினால் எங்கள் சீனியர் முதலில் கேட்டது சைட் இன்ஜினியரின் மீதிச் செலவு மதிப்பீட்டைத்தான். அடுத்து, வருட முடிவுக்குப் பிறகு அந்தத் தொகைக்கு பில் சான்றளிக்கப்பட்டதா என்று பார்ப்பார்.