பத்து கிக்குக்கு ஒரு ஸ்டார்ட்: ஸ்லோ ஜெட் வரை போன கதை

ஒன்றரை மாதம் எடுக்காமல் நின்ற ஸ்கூட்டர். நான்கு ஸ்ட்ரோக், 110 சிசி, கார்புரேட்டர் வைத்தது, சோக்கைக் கையால் இழுக்க வேண்டிய பழைய மாதிரி. திரும்ப எடுத்த நாளிலிருந்து இரண்டு தொல்லை. காலையில் பத்துப் பன்னிரண்டு கிக் அடித்தால்தான் உயிர் வரும். வந்த பிறகும் ஆக்சிலரேட்டரை விட்டால் ஐந்தாறு நொடியில் அணைந்துவிடும். ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால் குறையே இல்லை, இழுவையும் நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது.

முதல் சனிக்கிழமை பிளக்கைக் கழற்றினேன். என் வண்டிக்கு 16 மி.மீ. பிளக் ஸ்பேனர். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் தங்கிய மண்ணை ஊதி எடுத்துவிட்டேன். அதைச் செய்யாவிட்டால் பிளக் வெளியே வந்ததும் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் விழும்.

பிளக்கின் முனை முழுக்கக் கரி. எண்ணெய்ப் பசை இல்லை, விரலில் ஒட்டும் உலர்ந்த கறுப்புப் பொடி. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் இடைவெளி 1.1 மி.மீ. இருந்தது. என் வண்டிக்கு 0.8 முதல் 0.9 வரை இருக்க வேண்டும். கிக் அடிக்கும்போது என்ஜின் மெதுவாகத்தான் சுற்றும், அந்த வேகத்தில் கிடைக்கும் மின்னழுத்தமும் குறைவு. இடைவெளி அதிகமாக இருந்தால் அந்தக் குறைந்த அழுத்தத்தில் பொறி தாண்ட முடிவதில்லை. பல கிக் தேவைப்படுவதற்கு இதுவே காரணம் என்று நினைத்தேன்.

பித்தளை பிரஷால் கரியைத் துடைத்து, வெளிமுனையை மெல்லத் தட்டி இடைவெளியை 0.8க்குக் கொண்டுவந்தேன். அப்புறம் பிளக்கை அதன் மூடியில் செருகி, உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்து ஒரு கிக். நிழலில் நீலப் பொறி தெளிவாகத் தெரிந்தது. இதைச் செய்பவர்கள் பிளக்கை அதன் துளைக்கு அருகில் வைக்க வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். உலோகம் நன்றாகத் தொட்டிருப்பதும் முக்கியம், தொடாமல் கிக் அடித்தால், பொறிக்கான மின்சாரத்தைத் தரும் சிடிஐ பெட்டி கெட வாய்ப்பு உண்டு. இன்னொன்று, வெளியே பொறி வந்துவிட்டால் பிளக் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி தாண்டுவது இதைவிடக் கடினம்.

மறுநாள் காலை நான்கே கிக். பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினேன். மூன்றாம் நாள் பழைய கதை. புதுப் பிளக் வாங்கிப் போட்டேன். முதலிரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு அதுவும் கறுத்தது. புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம் என்று படித்திருந்ததால், காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் மட்டம் ஏறியிருக்குமோ என்று யோசித்தேன். முறுக்காதபோது என்ஜின் சுற்றும் வேகத்தை, அதாவது ஸ்லோவை, ஏற்றி இறக்கும் ஐடில் ஸ்க்ரூவையும் இரண்டு சுற்று ஏற்றிப் பார்த்தேன். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தானாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. கிளட்ச் பிடிக்கும் வேகம்வரை ஏற்றிவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். அப்படி ஏற்றி ஓட்டுவது ஆபத்து, உடனே பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் முன்பு மெக்கானிக் வேலை பார்த்த ஓர் அண்ணனிடம் விவரம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, சோக் இழுத்து வெச்சா ஸ்லோ நிக்குதா?”

நிற்கும், அதனால்தான் பாதி இழுத்துவைத்தே ஓட்டுகிறேன் என்றேன்.

“அப்போ பிளக்கை விடு. உனக்குப் பெட்ரோல் கம்மியா வருது.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிளக் கறுத்ததற்கு நான்தான் காரணம். நிறுத்தங்களில் அணையாமல் இருக்க நாள் முழுதும் சோக்கைப் பாதி இழுத்தபடி ஓட்டியிருந்தேன். சூடான என்ஜினுக்கு அது தேவையில்லாத கூடுதல் பெட்ரோல், அதன் கரிதான் பிளக்கில் படிந்தது. கரி படிந்த பிளக்கால் மறுநாள் ஸ்டார்ட் இன்னும் கடினமாகும், அதற்கு நான் சோக்கை இன்னும் இழுப்பேன். நோய் பெட்ரோல் பற்றாக்குறை, பிளக் காட்டியதோ நான் கொடுத்த மருந்தின் அடையாளம். பிளக்கின் நிறத்தைப் படிப்பதற்கு முன் கடைசியாக எப்படி ஓட்டினோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உறுதிசெய்ய ஒரு சோதனை செய்தேன். சுத்தமான பிளக், குளிர்ந்த என்ஜின், சோக் முழுக்க உள்ளே. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்து கிக். பிளக்கைக் கழற்றினால் காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாசனைகூட இல்லை. திரும்பப் போட்டுச் சோக்கை இழுத்து மூன்று கிக். இப்போது முனை ஈரம். தொட்டியிலிருந்து கார்புரேட்டர்வரை பெட்ரோல் வருகிறது, ஆனால் ஸ்லோவுக்கான வழியில் மட்டும் வரவில்லை. என் கார்புரேட்டரில், அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்திலிருந்தே சோக்குக்குத் தனி வழி உண்டு, அதனால் ஸ்லோ வழி அடைத்தாலும் சோக் வேலை செய்யும். முறுக்கினால் நன்றாக ஓடியதற்கும் இதே காரணம்தான், அப்போது மெயின் ஜெட் எனும் பெரிய துளையுள்ள பித்தளைத் துண்டு வழியாகப் பெட்ரோல் வருகிறது.

இரண்டாவது சனிக்கிழமை கார்புரேட்டரை இறக்கினேன். முதலில் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே இருந்ததைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம், பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும். குப்பியின் அடியில் பட்டாணி அளவு நீர்த்துளிகள் உருண்டன. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, அதனால் தண்ணீர் அடியில் தங்கி ஜெட்டுகளுக்கு நேராக நிற்கும். கூடவே செம்பழுப்பு நிறத் தூள்.

கிண்ணத்தைத் திறந்தால் சுவரெல்லாம் காய்ந்த மெல்லிய பிசின். நின்றிருந்த ஒன்றரை மாதத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன மிச்சம் அது. மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் ஆழமான குழிக்குள் இருப்பது ஸ்லோ ஜெட். அதன்மேல் 35 என்று பொறித்திருந்தது, அதாவது துளை சுமார் 0.35 மி.மீ. தலைமுடியைவிட நான்கைந்து மடங்கு தடிமன்தான். அதை வெளிச்சத்தில் பிடித்தேன், ஒன்றுமே தெரியவில்லை. முழு அடைப்பு.

பித்தளை ஜெட்டைக் கழற்ற அதன் வெட்டில் முழு அகலமும் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். சின்னதை வைத்துத் திருகினால் வெட்டு உடைந்துவிடும், அதன்பின் எடுப்பது பெரும்பாடு. சில கார்புரேட்டர்களில் இந்த ஜெட்டை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், அதைக் கழற்றவே கூடாது, இருந்த இடத்திலேயே சுத்தம் செய்ய வேண்டும். என்னுடையது கழன்றது. கார்புரேட்டர் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை மெல்ல நுழைத்தேன். செம்பு பித்தளையைவிட மென்மை, துளையைக் கீறாது. ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் ஜெட்டையே மாற்ற வேண்டிவரும்.

பொருத்தி ஸ்டார்ட் செய்தேன். இரண்டு கிக்! சோக் இல்லாமல் ஸ்லோவும் நின்றது, ஒரு நிமிடம். அப்புறம் தடுமாறி அணைந்தது. அன்று மாலை சோர்வாகத்தான் இருந்தது.

ஞாயிறு மறுபடி இறக்கினேன். ஜெட் திறந்தாலும், அங்கிருந்து, முறுக்கும்போது திறக்கும் தகடான பட்டர்ஃபிளைக்குப் போகும் பாதையில் பிசின் இருக்கலாம். அந்தப் பாதையில்தான் ஸ்லோவுக்கான பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணினேன். இரண்டேகால். இந்த எண்ணைத் தாளில் எழுதிவைக்காமல் ஸ்க்ரூவை எடுக்கக் கூடாது. முட்டிய பின் இறுக்கவும் கூடாது, ஊசிமுனை நசுங்கும். ஸ்க்ரூவோடு ஸ்பிரிங், குட்டி வாஷர், ரப்பர் வளையம் மூன்றும் வரும். என்னுடையதில் வளையம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதையும் எடுத்துவிட்டுத்தான் கிளீனர் அடித்தேன், மேலே இருக்கும் டயஃப்ரத்தையும் முன்பே கழற்றி வைத்துவிட்டேன். கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

கிளீனரின் மெல்லிய குழாயை ஸ்க்ரூ குழியில் வைத்து அழுத்தினால், பட்டர்ஃபிளை அருகிலுள்ள மூன்று சின்னத் துளைகளிலிருந்தும் பீச்ச வேண்டும். இரண்டிலிருந்து வந்தது, மூன்றாவதில் கசிவுகூட இல்லை. பத்து நிமிட இடைவெளி விட்டு நான்கு முறை அடித்த பிறகு, அதிலிருந்தும் மெல்லிய கோடு போலத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்தது நல்லதாயிற்று, நேராக முகத்துக்குத்தான் வந்தது.

எல்லாம் பொருத்தி, மிக்ஸர் ஸ்க்ரூவை இரண்டேகால் சுற்றில் வைத்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு டியூனிங் செய்தேன். சூடாகாமல் செய்தால் அது காலையில் மட்டும் சரியாக இருக்கும். ஐடில் ஸ்க்ரூவைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, மிக்ஸரைக் கால் சுற்றாகத் திருகி என்ஜின் வேகம் அதிகமாகும் இடத்தைக் காதால் தேடினேன். இரண்டரையில் கிடைத்தது. அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்கி, பின்சக்கரம் அசையாமல் நிற்கும் அளவில் விட்டேன். என்னுடையதில் ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருப்பதால் வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். காற்று வடிகட்டிப் பக்கம் இருக்கும் மாதிரிகளில் இது நேர் எதிர், எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பன்னிரண்டு நாள் ஆகிறது. காலையில் சோக்கோடு இரண்டு கிக், அரை நிமிடத்தில் சோக் உள்ளே. நிறுத்தங்களில் கையை எடுத்துவிட்டுத்தான் நிற்கிறேன். நேற்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பீங்கான் வெளிர் பழுப்பு. இனி இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தை வடித்துவிட்டுத்தான் நிறுத்துவேன்.

ஒரு குறை மட்டும் மிச்சம். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் நான்கைந்து கிக் கேட்கிறது. குளிர்ந்தபின் அந்தத் தொல்லை இல்லை. வால்வு இடைவெளி குறைந்திருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, இதே அறிகுறிதான் வரும். அடுத்த சனிக்கிழமை என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியைத் திறந்து அளந்துவிட்டு எழுதுகிறேன்.