கட்டார் வேலைக் கடிதமும் என் பெயருக்குப் பின்னால் இருந்த வெள்ளைக் கட்டமும்

தைப்பொங்கல் முடிந்த கிழமை வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு வேலைக் கடிதம் வந்தது. கட்டாரில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர் வேலை. மெடிக்கலுக்கும் விசாவுக்கும் 45,000 ரூபா போடச் சொன்னார்கள். அம்மா தோட்டத்துச் சீட்டுக் காசை எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

கடிதத்தை பிரிண்ட் எடுக்க ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷனுக்குப் போனேன். கடைக்கார அண்ணன் கம்பியூட்டரில் திறந்தவர், பிரிண்ட் போடவில்லை. "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார்.

முதலில் லோகோவைக் காட்டினார். எழுத்தெல்லாம் தெளிவாக இருக்க, லோகோவின் ஓரம் மட்டும் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தது. வட்ஸ்அப்பில் வந்தால் படம் மங்கத்தானே செய்யும் என்று கேட்டேன். "மங்கினா எல்லாம் சேர்ந்துதானே மங்கணும். இது நெட்ல இருந்த சின்னப் படத்தை இழுத்துப் பெருசாக்கினது" என்றார்.

அடுத்து என் பெயர். அந்த வரியைப் பெரிதாக்கியதும், தாளின் லேசான சாம்பல் நிறத்துக்கு நடுவே என் பெயருக்குப் பின்னால் மட்டும் சுத்தமான வெள்ளைக் கட்டம் தெரிந்தது. பெயர், வரியிலிருந்து ஒரு மயிரிழை கீழே இறங்கியும் இருந்தது. அதைவிடக் கேவலம், அது என் வட்ஸ்அப் பெயர்! 'ரவி ஹட்டன்' என்று எந்தக் கம்பெனி வேலைக்கு எடுக்கும்? கொஞ்சம் கீழே பாஸ்போர்ட் இலக்கமும் இருந்தது. நான் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.

கையெழுத்தைச் சுற்றியும் அதே வெள்ளை. கீழே இருந்த கோட்டை அந்த வெள்ளை பாதியில் வெட்டியிருந்தது. கையெழுத்துக்குக் கீழே பதவி மட்டும்தான், ஆளின் பெயர் இல்லை. ஆனால் அண்ணன் அவசரப்படவில்லை. ஸ்கேன் பண்ணிய கையெழுத்தை ஒட்டும் நல்ல கம்பெனிகளும் இருக்கு, அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்றார்.

பிறகு ஒரு யோசனை சொன்னார். என் முழுப்பெயரை எழுதி, கடிதத்தில் பெயர் பிழை, இப்படித் திருத்தித் தாருங்கள் என்று அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நாங்கள் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் திருத்திய கடிதம் வந்துவிட்டது. முழுப்பெயர் நீளம் என்பதால் வெள்ளைக் கட்டமும் நீண்டு, மேல் வரி எழுத்துகளின் கீழ்ப்பகுதியைத் தின்றிருந்தது. கையெழுத்து, திகதி எல்லாம் இம்மியும் நகரவில்லை. பாஸ்போர்ட் இலக்கமும் அப்படியே.

கடிதம் சுத்தமாக இருந்திருந்தாலும் இதைச் செய்திருக்க வேண்டும்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து, கடிதத்தில் இருந்த ஏஜென்சி லைசன்ஸ் இலக்கத்தைச் சொன்னேன். அப்படியொரு ஏஜென்சி பதிவில் இல்லை என்றார்கள்.

அன்றைக்கு மாலை கடிதம் அனுப்பியவனிடமிருந்து "காசு போட்டாச்சா?" என்று வந்தது. லைசன்ஸ் இலக்கத்தைத் திரும்பக் கேட்டேன். அதோடு என்னை பிளாக் பண்ணிவிட்டான்.