பேக்கப்பை அழித்துப் பார்த்த நாள்

மெல்பர்னில் ஒரு சரக்குக் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருடம் ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் ‘எசென்ஷியல் எயிட்’ மதிப்பெண் கேட்டார். ஆஸ்திரேலிய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு வகுத்த எட்டுப் பாதுகாப்பு நடைமுறைகள் அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை முதிர்ச்சி நிலை உண்டு. எட்டில் எது கடைசியில் நிற்கிறதோ, அதுதான் மொத்த நிலை. சராசரி கிடையாது.

முதலில் நாங்களே எங்களுக்கு 2 போட்டுக்கொண்டோம். லாகினில் இரண்டாவது சரிபார்ப்பு இருந்தது, பேட்ச் தவறாமல் போட்டோம், பேக்கப் தினமும் ஓடியது.

மதிப்பீட்டுக்கு வந்தவர் ஆதாரத்தை நான்கு தரமாகப் பிரித்துப் பார்த்தார். கொள்கை ஆவணமும் வாய்வார்த்தையும் கடைசித் தரம். ஸ்கிரீன்ஷாட் அதற்கு மேல். சிஸ்டத்திலேயே அமைப்பைத் திறந்து காட்டினால் நல்ல ஆதாரம். செய்து பார்த்துச் சோதிப்பதே முதல் தரம். நான் கொடுத்த கோப்பில் பெரும்பாலும் கடைசி இரண்டு தரம்தான் இருந்தது.

பேக்கப் பகுதிக்கு வந்ததும், ‘வெற்றி’ என்று தினமும் வரும் மெயில்களைக் காட்டினேன். அவர் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, கணக்குப் பிரிவின் சாதாரண யூசர் அக்கவுண்ட் ஒன்றில் நுழையச் சொன்னார். பேக்கப் ஃபோல்டரில் நாங்களே ஒரு சோதனைக் கோப்பை வைத்தோம். அந்த அக்கவுண்டிலிருந்து அதை அழிக்க முயன்றேன். எந்தத் தடையும் இல்லாமல் அழிந்தது. எப்போதோ அவசரத்துக்கு எல்லாருக்கும் கொடுத்த அனுமதியை யாரும் திரும்ப எடுக்கவே இல்லை. யாரோ ஒரு ஊழியர் தவறான இணைப்பைத் திறந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்திருந்தால், பேக்கப்பும் சேர்ந்தே போயிருக்கும்.

அடுத்து ரீஸ்டோர். டேட்டாபேஸை இரவு 11 மணிக்கும், அதோடு தொடர்புள்ள ரசீது ஸ்கேன்களை விடிகாலை 4 மணிக்கும் எடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டையும் மீட்டபோது, இடைப்பட்ட நேரத்து ரசீதுகளுக்கு டேட்டாபேஸில் பதிவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரப்புள்ளிக்கு மீட்க முடிய வேண்டும் என்பதும், சாதாரண யூசரால் பேக்கப்பை மாற்றவோ அழிக்கவோ முடியக் கூடாது என்பதும் நிலை 1-இலேயே உள்ள நிபந்தனைகள். பேக்கப்புக்கு 0 விழுந்தது. மற்ற ஏழும் எப்படியிருந்தாலும் கம்பெனியின் மொத்த நிலையும் 0.

அன்று அதிகாரியிடம் சொல்லும்போது கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த 0 நியாயமானது. சராசரி எடுத்திருந்தால் அந்தத் திறந்த ஃபோல்டர் நல்ல எண்களுக்குள் மறைந்திருக்கும்.

மூன்று வாரத்தில் அனுமதிகளைச் சரிசெய்து, இரண்டு பேக்கப்பையும் ஒரே நேரத்துக்கு மாற்றினோம். மறுசோதனையில் அழிக்கும் முயற்சி தடுக்கப்பட்டது, ரசீதுகளும் பதிவுகளும் பொருந்தின. பேக்கப் 1-க்கு வந்தது. நிலை 2-க்கு, பேக்கப் பொறுப்பாளர் தவிர மற்ற அட்மின்களாலும் அழிக்க முடியக் கூடாது. எங்களிடம் மூன்று அட்மின்கள், எல்லாரிடமும் அந்த அதிகாரம் இருக்கிறது, என்னிடமும். தனிப் பொறுப்பாளர் அக்கவுண்ட் ஒன்றை இப்போது உருவாக்கிக்கொண்டிருக்கிறேன்.