94.7 சதவீதம் எப்படி 26.9 ஆகிறது: பரிசோதனைத் துல்லிய ஆய்வைப் படிக்கும் வழி

புதிய பரிசோதனை ஒன்றின் துல்லியத்தைச் சொல்லும் ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் நாங்கள் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு நேரே முடிவுப் பகுதிக்குப் போவோம். தாளில் நாலு கட்டம் போட்டு எண்களை நிரப்புவோம். நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ், எத்தனை பேருக்கு நெகட்டிவ். நோயில்லாதவர்களில் எத்தனை, எத்தனை. சதவீதம் மட்டும் கொடுத்துவிட்டு இந்த நாலு எண்களையும் கொடுக்காத அறிக்கை என்றால் அப்போதே சந்தேகம் வரவேண்டும்.

கணக்குக்காக ஓர் ஆய்வை வைத்துக்கொள்வோம். நோய் உறுதியான 100 பேரில் 90 பேருக்குப் பாசிட்டிவ்: உணர்திறன் 90%. நோயில்லாத 100 பேரில் 95 பேருக்கு நெகட்டிவ்: தனித்தன்மை 95%. மொத்தம் 95 பாசிட்டிவில் 90 உண்மையானவை. ஆகவே, 'பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க 94.7% வாய்ப்பு' என்று அறிக்கை எழுதிவிடும். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணை அங்கிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. நூறுக்கு நூறு என்று ஆட்களைச் சேர்த்தது ஆய்வாளர்கள். பாதிப்பேருக்கு நோய் என்பது அவர்கள் வைத்த விகிதம், ஊரில் இருக்கும் விகிதம் அல்ல.

நூற்றுக்கு 2 பேருக்கே இந்த நோய் இருக்கும் இடத்தில் 10,000 பேரைச் சோதிப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் 200, அவர்களில் 180 பேர் பாசிட்டிவ். மீதி 9,800 பேரில் 5% என்றால் 490 பேருக்குத் தவறான பாசிட்டிவ். மொத்தப் பாசிட்டிவ் 670, அதில் உண்மையானவை 180. 94.7% இருந்த இடத்தில் இப்போது 26.9%. சோதனை அதேதான், நோயில்லாதவர்களின் கூட்டம் பெரிதானதால் அவர்களின் சிறு பிழைவிகிதமே நோயாளிகளை அமுக்கிவிட்டது. தனித்தன்மையில் இரண்டு மூன்று புள்ளி கூடினாலும் குறைந்தாலும் இந்த விடை தாறுமாறாக மாறும். 100 பேரை வைத்து அளந்த 95% என்பதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, ஏறத்தாழ 89 முதல் 98 வரை. 89 என்று வைத்தால் விடை 14%, 98 என்று வைத்தால் 48%. அதனால் இடைவெளியின் இரு முனைகளையும் போட்டுப் பார்க்காமல் நாங்கள் எதையும் சொல்வதில்லை.

நெகட்டிவ் பக்கம் இதற்கு நேரெதிரான மயக்கம். அதே 10,000 பேரில் நெகட்டிவ் வந்தவர்கள் 9,330; அவர்களில் நோயில்லாதவர்கள் 9,310, அதாவது 99.8%. கேட்கப் பிரமாதம்தான். ஆனால் சோதனையே செய்யாமல் எல்லாரையும் 'நோயில்லை' என்று அனுப்பியிருந்தாலும் 98% சரியாக இருந்திருக்கும். நோய் அரிதான இடத்தில் இந்த எண்ணை விளம்பரமாகப் போடுகிறவர்களிடம் அந்த 98-ஐக் கேளுங்கள்.

உணர்திறனும் தனித்தன்மையும் பரவல் விகிதத்தால் மாறாது என்று பாடத்தில் படித்திருப்போம். பாதி உண்மை. ஆட்களின் தன்மை மாறினால் அவையும் மாறும். ஆய்வில் நோயாளிகள் முற்றிய நிலையில் இருந்து, எதிர்ப்பக்கம் ஆரோக்கியமான தன்னார்வலர்கள் நின்றால் சோதனைக்கு வேலை எளிது. நிஜ மருத்துவமனைக்கு வருபவர்களுக்கோ அதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இருக்கும். நோயாளிகளிலும் பலர் ஆரம்பக் கட்டத்தில் இருப்பார்கள். அங்கே உணர்திறன் 75, தனித்தன்மை 85 என்று இறங்கியதாக வைத்துப் பாருங்கள். அறிகுறியோடு வருபவர்களில் 10% பேருக்கு நோய் என்றாலும், 10,000 பேரில் உண்மைப் பாசிட்டிவ் 750, பொய் 1,350. விடை 35.7%. ஆய்வின் 90-ஐயும் 95-ஐயும் அப்படியே போட்டிருந்தால் 66.7% என்று வந்திருக்கும். அதனால் செய்முறைப் பகுதியில் நாங்கள் தேடும் வாசகம் ஒன்றுதான்: 'சந்தேகத்தின் பேரில் வந்தவர்களை வரிசையாகச் சேர்த்தோம்'. 2011-இல் வந்த QUADAS-2 என்ற மதிப்பீட்டுக் கருவியும் முதலில் கேட்பது ஆட்களை எப்படித் தேர்ந்தார்கள் என்பதையே.

கடைசியாக நாலு கட்டங்களையும் கூட்டி, சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அட்டவணையில் 200, சேர்த்ததோ 220 என்றால் அந்த 20 பேர் பெரும்பாலும் 'தெளிவற்ற முடிவு' என்று கழற்றிவிடப்பட்டவர்கள். அவர்களில் 12 பேர் நோயாளிகள், 8 பேர் நோயில்லாதவர்கள் என்றால், மோசமான பக்கமாக எண்ணும்போது உணர்திறன் 112-க்கு 90, அதாவது 80.4%, தனித்தன்மை 108-க்கு 95, கிட்டத்தட்ட 88%. ஒதுக்கியதற்குக் காரணமும் எண்ணிக்கையும் அறிக்கையில் இல்லையென்றால், பரவலைப் போட்டுக் கணக்கிடும்போது நாங்கள் எடுத்துக்கொள்வது இந்த இரண்டு எண்களைத்தான்.