நீக்கிய பழமொழி யாருடையது?

அந்தப் பத்தியில் நான் செய்த திருத்தம் சரியானதே என்று இன்றும் வாதிடுவேன். ஆனாலும் அதை எழுதியவர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. கூட்டுறவுச் சங்கம் ஒன்று நலிந்து கலைந்த கதையை, அதன் உறுப்பினராக இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். பத்தி இப்படி இருந்தது:

“சங்கத்தைக் கண்ணும் கருத்துமாகப் பேணிய தலைவர், கடன் நிலுவை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் தெரிந்திருந்தும், கிணற்றில் போட்ட கல்போல் வாய்திறவாதிருந்தார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதற்கிணங்க உறுப்பினர்கள் எச்சரித்தது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. முடிவில், வைப்புத்தொகை முதிரும் நாளுக்காகக் காத்திருந்தவர்கள் இலவு காத்த கிளியானார்கள்.”

நான் திருத்தி அனுப்பியது இது:

“சங்கத்தைக் கண்ணும் கருத்துமாகப் பேணிய தலைவருக்குக் கடன் நிலுவை முழுவதும் தெரிந்திருந்தது, இருந்தும் அவர் வாய்திறக்கவில்லை. உறுப்பினர்கள் எச்சரித்தபோதும் பதில் வரவில்லை. முடிவில், வைப்புத்தொகை முதிரும் நாளுக்காகக் காத்திருந்தவர்கள் இலவு காத்த கிளியானார்கள்.”

எண்ணிக்கையைக் குறைப்பதற்காக நான் இதில் கைவைக்கவில்லை. ‘கண்ணும் கருத்துமாக’, ‘வாய்திறக்கவில்லை’ ஆகிய மரபுத்தொடர்களை அப்படியே விட்டேன், ஏனெனில் அவற்றைப் படிக்கும்போது எவரும் கண்ணையோ வாயையோ காண்பதில்லை. அவை வழக்கத்தில் தேய்ந்து சாதாரணச் சொற்களாகிவிட்டன. ‘போல்’ என்று வரும் உவமை அப்படியன்று. அது வாசகரை ஒரு கணம் நிறுத்தி ஒரு காட்சியைப் பார்க்கச் சொல்கிறது. பார்த்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்தால் இரண்டும் நிற்பதில்லை, சொல்லவந்த செய்தியும் பின்னுக்குப் போய்விடுகிறது.

உவமை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. காய் பழுக்கும் என்று கிளி காத்திருக்கிறது, அது பழுக்காமல் வெடித்துப் பஞ்சாகிறது. உறுப்பினர்களும் தொகை முதிரும் என்று காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். வினையும் பயனும் பொருந்துவதால் அந்த உவமை அங்கே வேலை செய்கிறது. நெல்லிக்கனியோ எந்த மறைப்பும் இல்லாத தெளிவைக் குறிப்பது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்து மற்றவரிடமிருந்து மறைக்கப்பட்ட கணக்குக்கு அது எப்படிப் பொருந்தும்? கிணற்றில் போட்ட கல் என்பதை, கொடுத்த மனுவோ சொன்ன சொல்லோ அசைவற்றுக் கிடப்பதற்கே பெரும்பாலும் சொல்கிறோம். இங்கே அது தலைவரின் மேல் ஏற்றப்பட்டிருந்தது. சங்கு சொன்னதும் ஏறத்தாழ அதே செய்திதான். காது கேளாதவரைக் குறைத்துப் பேசும் அந்தத் தொடரை எடுத்ததில் எனக்குத் தயக்கமே இல்லை.

பழமொழியைப் பற்றித்தான் அவர் பேசினார். “தம்பி, மற்றவற்றை நீங்கள் எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அணை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று தலைவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அவர் வாயிலிருந்து நீங்கள் எப்படி எடுக்கலாம்?”

‘என்பதற்கிணங்க’ என்று எழுதினால் அது கட்டுரையாசிரியரின் கூற்றாகவே படிக்கப்படும் என்று விளக்கினேன். பழமொழியைக் கொண்டுவந்து நிறுத்தும் இந்த ஒட்டுச்சொற்கள், ‘இதோ ஒரு பழமொழி’ என்று அறிவித்துவிட்டு அதன் பலத்தைப் பாதியாக்குகின்றன என்பதும் என் கருத்து. அவர் அதையும் ஏற்றுக்கொண்டார். பிறகு அந்த வாக்கியத்தை இப்படி மாற்றினோம்: “‘வெள்ளம் வருமுன் அணை போட வேண்டாமா?’ என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார். பதில் வரவில்லை.” ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்’ என்று தொல்காப்பியம் முதுமொழியைப் பற்றிச் சொல்வது அந்த உறுப்பினரின் வாயில் அப்படியே நிகழ்ந்திருந்தது. அவருக்கு அது வாதம், காரணத்தையும் கோரிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லும் வழி.

ஆனால் பேச்சை முடிக்கும் முன் அவர் இன்னொன்றும் சொன்னார்: “நான் பேசுவதே இப்படித்தான், தம்பி. இவற்றையெல்லாம் நான் தேடிப்போய் எடுக்கவில்லை.” எனக்கு உடனே பதில் வரவில்லை. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கமும் கேட்பவரின் முகமும் உவமைகளுக்கு இடையில் இடைவெளி தருகின்றன, எழுத்தில் அந்த இடைவெளி இல்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அந்த வாதத்தை முன்வைத்தே ஒரு தலைமுறையின் பேச்சு முறையை என் காதுக்கு ஏற்ற உரைநடையாக மாற்றிவிட முடியும் என்பதும் உண்மை.

இப்போதெல்லாம் இத்தகைய பத்தி வந்தால், பொருந்தாத உவமையை முன்போலவே அடிக்கிறேன். பழமொழியை மட்டும் வட்டமிட்டு, இதைச் சொன்னது யார் என்று எழுதியவரிடம் கேட்கிறேன். “நான்தான்” என்று பதில் வரும்போது என்ன செய்வது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.